பத்தாவது நிமிடத்து எண்ணை எழுதுங்கள்

கேள்வி: கல்முனையில் சிறிய கடை வைத்து, பழைய லெப்டொப்களைச் சரிசெய்து விற்கிறேன். ‘கோர் i5, 8 ஜிபி ரேம், 256 எஸ்எஸ்டி, நல்ல ஸ்பீட்’ என்று போட்டு விற்ற ஒன்றை, ஒலுவில் கம்பஸ் பிள்ளை ஒருவர் ‘என் கூட்டாளியின் i5 இதைவிட வேகம்’ என்று இரண்டே நாளில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். நான் பொய் எதுவும் எழுதவில்லை. எப்படி எழுதினால் வாங்குகிறவருக்கு உண்மையான வேகம் புரியும்?

பதில்: பொய் எழுதவில்லைதான், தம்பி. ஆனால் வேகத்தைப் பற்றி ஒன்றும் எழுதவும் இல்லையே. i5 என்ற பெயர் 2009 முதல் புழக்கத்தில் இருக்கிறது. ‘எங்கள் வீட்டில் ஒரு பையன் இருக்கிறான்’ என்றால் அவனுக்கு ஐந்து வயதா, இருபத்தைந்து வயதா என்று யாருக்குத் தெரியும்? வயதைச் சொல்வது i5-க்குப் பின்னால் வரும் இலக்கங்கள்தான். அதைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறோம்.

போன மாதம் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு லெப்டொப்களைச் சொல்கிறேன். உங்கள் முறையில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே விளம்பரம்: கோர் i5, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி. முதலாவதில் இருந்தது i5-7200U. அது ஏழாம் தலைமுறை, இரண்டு கோர். இரண்டாவதில் i5-8250U, எட்டாம் தலைமுறை, நான்கு கோர். பெட்டியில் போட்டிருக்கும் கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்தால் 7200U-க்கு 2.5, 8250U-க்கு 1.6. பார்க்கிறவர் 2.5-ஐத்தான் பெரிது என்பார். உண்மையில் அந்த 1.6 என்பது அடிமட்ட வேகம். வேலை வந்தால் அது 3.4 வரை ஏறும், மற்றது 3.1 வரை. அதனால் கிகாஹெர்ட்ஸை விளம்பரத்தில் போடவே வேண்டாம். முழுப் பெயரையும் கோர் எண்ணிக்கையையும் போடுங்கள். i7 என்ற எழுத்துக்கும் மயங்க வேண்டாம். i7-7500U-விலும் இரண்டே கோர்தான். பல வேலை ஒன்றாக ஓடும்போது எட்டாம் தலைமுறை i5 அதை முந்திவிடும். எட்டாம் தலைமுறையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்றும் இன்டெல் லெப்டொப்கள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன.

இதில் வாங்குகிறவரையும் குறை சொல்ல முடியாது. பயிற்சி நெறிக்கான அறிவித்தலிலும் அலுவலகக் கேள்வி மனுவிலும் ‘Core i5 or above’ என்று ஒரே வரிதான் வருகிறது. எந்தத் தலைமுறை என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் கிடையாது. பத்து வருடப் பழைய சாமானைக் குறைந்த விலைக்குப் போடுகிறவருக்கே ஓடர் போகிறது. நானும் ஒருமுறை தலைமுறையையும் சேர்த்து எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். ‘கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்’ என்று திருப்பி அனுப்பினார்கள். சரி, அதை விடுவோம்.

இனி அந்த இரண்டையும் சோதித்த கதை. Cinebench R23 என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு படத்தைப் புரொசஸரிடம் கொடுத்து வரையச் சொல்லி, முடிவில் ஒரு எண் தரும். எண் பெரிதானால் வேகம் அதிகம். ஒரே ஒரு தடவை ஓட்டியபோது 7200U-க்கு 1,850 வந்தது, 8250U-க்கு 3,400. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பெரும்பாலான கடைக்காரர் இந்த இடத்தில் ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டு எழும்பிவிடுவார்கள். நான் இரண்டையும் பத்து நிமிடம் தொடர்ந்து ஓட விட்டேன். 7200U 1,800-இல் நின்றது. 8250U 2,150-க்கு விழுந்துவிட்டது. சூட்டைக் காட்டும் HWiNFO மென்பொருளில் பார்த்தால் 97 பாகை. தாங்க முடியாமல் புரொசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. பின்மூடியைக் கழற்றினேன். காற்று போகும் இடுக்கில் பஞ்சுபோல் தூசு, தேர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. துடைத்து, புதுப் பேஸ்ட் பூசி, மறுபடி பத்து நிமிடம் ஓட்டியபோது 3,150 வந்தது.

வாங்குகிறவர் கையில் ஓடப்போவது இந்த 3,150-தான். 3,400 என்பது முதல் ஓட்டத்து உற்சாகம். அதனால் விளம்பரத்தில் பத்து நிமிட எண்ணைப் போடுங்கள். எங்கே ஓட்டினீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். கொழும்பில் ஏசி அறைக்குள் எடுத்த எண்ணும், கச்சான் காற்று வீசும் மத்தியானத்தில் மின்விசிறிக்குக் கீழே எடுத்த எண்ணும் ஒன்றாக இராது. உங்கள் வாடிக்கையாளர் பாவிப்பது இரண்டாவது இடத்தில்தானே?

ஒற்றைக் கோர் எண்ணையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். என் இரண்டு மெஷினிலும் அது 760, 850. பெரிய வித்தியாசம் இல்லை. வேர்டில் அசைன்மென்ட் அடித்து, ஒன்றிரண்டு பக்கம் திறந்து பார்க்கிற பிள்ளைக்கு இந்த எண்தான் பேசும். அவருக்கு விலை குறைந்த 7200U போதும் என்று நீங்களே சொல்லலாம், விண்டோஸ் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டு.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதில் நானே ஒருமுறை ஏமாந்ததால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். மெஷின் நன்றாக இருந்தும் எண் படு மோசமாக வரலாம். நான் பார்த்த ஒன்றில் சூடு 50 பாகையைத் தாண்டவில்லை, தூசும் இல்லை, ஆனாலும் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் அசையவே இல்லை. மதர்போர்ட் பழுது என்று எண்ணிப் பாதி விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தேன். காரணம் சார்ஜர். சில நிறுவனங்களின் லெப்டொப், குறிப்பாக டெல், செருகிய சார்ஜர் தன்னுடையதுதானா, எத்தனை வொட் என்று கேட்டுப் பார்க்கும். டூப்ளிகேட் சார்ஜர் பதில் சொல்லாது. உடனே மெஷின் பயந்து வேகத்தை அமுக்கிவிடும், பற்றரியையும் ஏற்றாது. ஒன் பண்ணும்போது சார்ஜரின் வகை தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை வரும். அதைப் படிக்காமல் விசையைத் தட்டித் தாண்டிப் போவதுதான் நம் வழக்கம். சார்ஜரின் நடு ஊசி வளைந்திருந்தாலும், கம்பி உள்ளே அறுந்திருந்தாலும் இதே கதை. சொந்தச் சார்ஜரைப் போட்டவுடன் எண் மூன்று மடங்கானது. ஆகவே எந்தச் சார்ஜரோடு விற்கிறீர்களோ அதைச் செருகித்தான் சோதிக்க வேண்டும். கடையில் ஒரிஜினலைப் போட்டுச் சோதித்துவிட்டு, பொதியில் வேறொன்றை வைத்துக் கொடுத்தால், உங்கள் எண் வாங்கியவர் வீட்டில் வராது. உங்களிடம் திரும்பி வந்த லெப்டொப்பிலும் முதலில் இதைப் பாருங்கள்.

ரேமைப் பற்றி அதிகம் இல்லை. 8 ஜிபி ஒரே துண்டாக இருக்கிறதா, நான்கு நான்காக இரண்டு துண்டா என்று எழுதுங்கள். Task Manager-இல் Performance பக்கத்தில் Memory-ஐத் தொட்டால் Slots used என்று காட்டும். இரண்டு துண்டு என்றால் இரண்டு பாதையில் தரவு போகும். படம், வீடியோ வேலைக்கு அது நல்லது. ஒரு துண்டாக இருந்து, அங்கே 1 of 2 என்று காட்டினால், ஒரு இடம் காலியாக இருக்கிறது, பிறகு கூட்டலாம். இரண்டிலும் நன்மை உண்டு, எழுதினால்தான் தெரியும்.

அடுத்து எஸ்எஸ்டி. இங்கேதான் நம் மொத்த வியாபாரிகளின் கைவரிசை. வெளிநாட்டு அலுவலகங்களில் இருந்து கொண்டெய்னரில் வரும் லெப்டொப்பில் இருந்த நல்ல எஸ்எஸ்டியைக் கழற்றித் தனியே விற்றுவிட்டு, பெயர் தெரியாத ஒன்றைச் செருகி அனுப்புகிறார்கள். ‘256 எஸ்எஸ்டி’ என்ற வார்த்தை அப்போதும் உண்மைதான்! முதலில் வகையைப் பாருங்கள். பவர்ஷெல்லில் இதை அடியுங்கள்:

```
Get-PhysicalDisk | Select FriendlyName, BusType, Size
```

BusType என்ற இடத்தில் SATA என்று வந்தால் வினாடிக்குச் சுமார் 550 எம்பிதான் உச்சம். NVMe என்று வந்தால் அதைப்போல் பல மடங்கு போகலாம். பபிள்கம் துண்டு மாதிரி மெல்லியதாக இருப்பதெல்லாம் NVMe என்று நினைக்க வேண்டாம், அதே வடிவில் SATA-வும் வருகிறது. ஆனால் அந்தப் பெரிய எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டு ஆளை மயக்குவதும் சரியில்லை. டிஸ்க் வேகத்தை அளக்கும் CrystalDiskMark-இல் கடைசி வரி, RND4K Q1T1, அதுதான் விண்டோஸ் எழும்புவதையும் மென்பொருள் திறப்பதையும் ஒட்டி வரும். பழைய சுழலும் டிஸ்க்கில் அது வினாடிக்கு ஒரு எம்பியைத் தொடுவதே அபூர்வம். ஓரளவு நல்ல எஸ்எஸ்டியில் வாசிப்பு இருபதுக்கு மேல் நிற்கும்.

மலிவான எஸ்எஸ்டி இந்தப் பரீட்சையிலும் தப்பிவிடும். முதல் சில ஜிபியை வேகமாக வாங்கித் தற்காலிக இடத்தில் வைக்கும், அது நிரம்பியதும் நொண்டும். ஆகவே 30 ஜிபி அளவில் வீடியோக்கள் உள்ள ஒரு போல்டரை அதே டிஸ்க்குக்குள் கொப்பி பண்ணி, வேகக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள். 300-இல் தொடங்கிப் பாதியில் 40-க்கு விழுந்து அப்படியே படுத்தால் அந்த டிஸ்க்கை மாற்றிவிட்டு விற்பது உத்தமம்.

இன்னொரு தில்லுமுல்லும் உண்டு. விண்டோஸின் System பக்கத்தில் வரும் புரொசஸர் பெயரை மாற்றி எழுத முடியும். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அதைத் திருப்பி எழுத ஒரு சின்ன நிரலையும் ஒளித்து வைக்கிறார்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கட்டுக் கணக்கில் விற்கிறார்கள். நீங்கள் வாங்கும்போது CPU-Z-ஐத் திறந்து பாருங்கள். அது சிப்பிடமே நேரே கேட்கும். ‘ஒன் பண்ணிப் பார்த்துவிட்டேன், அது எதற்கு’ என்று அவசரப்படுத்தும் தரகரிடம் சாமான் எடுக்க வேண்டாம்.

என் இரண்டாவது லெப்டொப்புக்கு நான் போட்டது இப்படி:

```
i5-8250U, 4 கோர், 8ம் தலைமுறை
ரேம்: 8 ஜிபி (4+4), இரண்டு இடமும் நிரம்பியது
எஸ்எஸ்டி: 256 ஜிபி NVMe, RND4K Q1T1 வாசிப்பு 41
Cinebench R23, 10 நிமிடம்: 3,150
ஒற்றைக் கோர்: 850
சோதித்தது: மத்தியானம், ஏசி இல்லை, கூட வரும்
சார்ஜருடன். பேஸ்ட் புதிதாகப் பூசியது.
```

இதைப் படித்து எல்லோருக்கும் விளங்காது. ஆனால் விளங்கும் கூட்டாளி ஒருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்கலாம். வாங்கிய பிறகு வீட்டில் அதே சோதனையை ஓட்டிப் பார்க்கவும் முடியும். வீட்டில் 3,000 வந்தால் பேச ஒன்றும் இல்லை, 2,000 வந்தால் கொண்டு வாருங்கள் என்று சொல்லியே கொடுங்கள்.

அந்தக் கம்பஸ் பிள்ளையை அவருடைய கூட்டாளியின் லெப்டொப்பையும் எடுத்துக்கொண்டு ஒருநாள் கடைக்கு வரச் சொல்லுங்கள். இரண்டையும் அவர் முன்னாலேயே பத்து நிமிடம் ஓட்டுங்கள். சார்ஜரிலோ பேஸ்ட்டிலோ பிழை என்றால் உங்கள் செலவில் திருத்திக் கொடுங்கள். தலைமுறைதான் வேறு என்றால் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்த முறை முழுப் பெயரோடு விளம்பரம் போடுங்கள்.