திரையில் புது நம்பர், தட்டினால் பழைய நம்பர்

கேள்வி: புரசைவாக்கத்தில் தையல் மெஷின் பாகங்கள் விற்கிறேன். 044 லேண்ட்லைனைச் சரண்டர் செய்துவிட்டு மொபைலுக்கு மாறினேன். வெப்சைட்டின் அடியில் புது நம்பர்தான் தெரிகிறது. ஆனால் தட்டினால் பழைய நம்பருக்குப் போகிறது. சைட் செய்தவர் 60 பக்கத்துக்கும் தனித்தனியாகக் காசு கேட்கிறார். கொடுக்கலாமா சார்?

பதில்: கொடுக்காதீர்கள். அடிப்பகுதியான ஃபுட்டர் பொதுவாக ஒரே டெம்ப்ளேட்டில்தான் இருக்கும். அங்கே ஒருமுறை திருத்தினால், அதைப் பயன்படுத்தும் எல்லாப் பக்கங்களிலும் மாறிவிடும். பக்கக் கணக்கில் காசு கேட்பது உங்களுக்கு விவரம் தெரியாது என்ற தைரியத்தில்தான்.

உங்கள் ஃபுட்டரில் இப்போது இருப்பது இப்படித்தான் இருக்கும்:

```html
<a href="tel:+9144XXXXXXXX">புது மொபைல் நம்பர்</a>
```

கடைசியில் இருப்பது கண்ணுக்குத் தெரிவது. `tel:` என்பதை அடுத்து இருப்பதைத்தான் போன் டயல் செய்யும். அவர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் மாற்றியிருக்கிறார். `tel:+91` போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் பத்து இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள். முன்னால் 0 வேண்டாம்.

மூன்றாவதாக ஓர் இடம் உண்டு. கடையின் பெயர், முகவரி, எண் ஆகியவற்றைத் தேடுபொறி படிப்பதற்கென்றே எழுதி வைக்கும் குறிப்பு அது; பக்கத்தில் தெரியாது. அதில் இந்த வரி இருக்கும்:

```json
"telephone": "+91XXXXXXXXXX"
```

வேர்ட்பிரஸ் சைட்டில் இதைப் பெரும்பாலும், தேடலில் கடை தெரிவதற்காகச் சேர்க்கும் எஸ்.இ.ஓ. ப்ளகின் எழுதும். அப்படியானால் ஃபுட்டரை எத்தனை முறை திருத்தினாலும் இது மாறாது. ப்ளகின் செட்டிங்ஸில்தான் மாற்ற வேண்டும். ஒரே நம்பரை இப்படி மூன்று இடத்தில் கையால் எழுத வைத்திருப்பதே மோசமான வேலை. ஓரிடத்தில் வைத்து எல்லா இடத்துக்கும் எடுத்துக்கொள்ளும்படி முதலிலேயே செய்திருக்கலாம். செய்வதில்லை, பிறகு அதற்கே காசு கேட்கிறார்கள்.

ஒன்றில் மட்டும் அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். தீபாவளி ஆஃபருக்கென்று பேஜ் பில்டரில் தனியாக ஒரு பக்கம் போட்டிருந்தால், அதற்குச் சொந்த ஃபுட்டர் இருக்கலாம். அப்படி இருந்தால் பொது டெம்ப்ளேட்டில் செய்யும் திருத்தம் அதைத் தொடாது. மெனுவிலிருந்து எடுத்துவிட்ட பழைய ஆஃபர் பக்கமும் தேடலில் வந்துகொண்டிருக்கலாம், பழைய நம்பரோடு. அந்தப் பக்கங்களைப் பெயர் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். அவற்றுக்கு மட்டும் கூலி கொடுங்கள்.

வேலை முடிந்ததும் வெப்சைட்டின் கேஷை, அதாவது சேமித்து வைத்திருக்கும் பழைய நகலை, காலி செய்யச் சொல்லிவிட்டு நீங்களே பாருங்கள். கம்ப்யூட்டரில் முகப்பு, ஒரு பொருள் பக்கம், தொடர்புப் பக்கம், ஆஃபர் பக்கம் என வகைக்கு ஒன்றாகத் திறந்து, Ctrl+U அழுத்தி, அப்போது திறக்கும் பக்கத்தின் கோடில் பழைய எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் தேடுங்கள். முழு எண்ணைத் தேடினால், இடையில் கோடோ இடைவெளியோ இருக்கும் இடம் அகப்படாது. பிறகு மொபைலில் தட்டி, டயல் திரையில் வரும் எண்ணைப் படியுங்கள்.

கூகுள் மேப்ஸில் தெரியும் எண்ணை Business Profile-இல் தனியாக மாற்ற வேண்டும். அதை நீங்களே இலவசமாகச் செய்யலாம். "கூகுளிலிருந்து பேசுகிறோம், நம்பர் மாற்றக் கட்டணம்" என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள்; ஓ.டி.பி.யைச் சொல்லிவிடாதீர்கள்.