அடுத்தவர் சமையல் குறிப்பை ரீல்ஸில் சொல்லும்போது பெயர் போடுவது எப்படி?

"வேறொருவர் சொன்ன ஜோக், சமையல் குறிப்பு, கதை இவற்றை ஒரு நிமிட வீடியோவில் என் குரலில் சொல்கிறேன். கீழே 'நன்றி' என்று போட்டால் போதுமா? சரியாக எப்படி எழுதுவது?"

போதாது. 'நன்றி' என்று ஒரு பெயரைப் போட்டால், எதற்கு நன்றி என்பது பார்க்கிறவருக்குத் தெரியாது. கேமரா பிடித்தவருக்கா, பாத்திரம் கொடுத்தவருக்கா, குறிப்பே அவருடையதா? எதை எடுத்தீர்கள், யாரிடமிருந்து எடுத்தீர்கள், அதில் எதை மாற்றினீர்கள் என்பது அந்த வரியில் இருக்க வேண்டும். நான் சமையல் வீடியோ போடுகிறவள் என்பதால் சமையல் குறிப்பை வைத்தே சொல்கிறேன். ஜோக்குக்கும் கதைக்கும் எங்கே வேறுபடும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு சேனலில் பூண்டுக் குழம்பு பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூண்டுக் குழம்பு யாருக்கும் சொந்தமில்லை, எல்லா வீட்டிலும் வைப்பதுதான். ஆனால் அந்த அம்மா முப்பது பல் பூண்டை எடுத்து, பாதியைத் தக்காளியோடு வதக்கி அரைத்துக் குழம்பில் ஊற்றுகிறார். மீதிப் பாதியை முழுசாகவே போடுகிறார். தேங்காய் இல்லாமலே குழம்பு கெட்டியாக வருகிறது. நீங்கள் அவரிடமிருந்து எடுத்தது அந்த யோசனையைத்தான். அவர் எலுமிச்சை அளவு புளியும் கால் கப் நல்லெண்ணெயும் சேர்க்கிறார். நீங்கள் புளியை நெல்லிக்காய் அளவாகவும் எண்ணெயை இரண்டு மேசைக்கரண்டியாகவும் குறைத்துவிட்டீர்கள்.

இதற்கு வாயால் சொல்லும் வரி இப்படி இருக்கலாம்:

"இந்தப் பூண்டுக் குழம்பு இன்ன சேனல்ல பார்த்துச் செஞ்சது. பாதிப் பூண்டை வதக்கி அரைச்சு ஊத்துறது அவங்க யோசனை. புளியும் எண்ணெயும் மட்டும் நான் குறைச்சிருக்கேன்."

சாதாரணமாகப் பேசினால் ஏழெட்டு நொடியில் முடிந்துவிடும். திரையில் எழுதுவதற்கு இவ்வளவு வேண்டாம்: "செய்முறை: @சேனல் பெயர். புளி, எண்ணெய் அளவு என் மாற்றம்." அவ்வளவுதான்.

மாற்றத்தை ஏன் சொல்லியே ஆக வேண்டும் என்று கேட்கலாம். இந்தக் குழம்பையே பாருங்கள். புளியும் எண்ணெயும் தாராளமாக இருப்பதால்தான் பூண்டுக் குழம்பு சில நாள் தாங்குகிறது. அந்த அம்மா "நாலு நாள் வச்சுச் சாப்பிடலாம்" என்று சொல்லியிருப்பார். இரண்டையும் குறைத்துவிட்டு அதே வாக்கியத்தை நீங்களும் சொல்லி, அவர் பெயரையும் போட்டால், இரண்டாம் நாளே குழம்பு கெட்டுப்போனவர் நேராக அந்த அம்மாவின் வீடியோவில் போய்த் திட்டுவார். ஒரு தோழியின் சேனலில் இது நடந்ததைப் பார்த்திருக்கிறேன். தான் சொல்லாத அளவுகளுக்கெல்லாம் அந்தத் தோழி பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பெயர் போடுவது மரியாதை என்றால், செய்யாத காரியத்தை அவர் தலையில் கட்டாமல் இருப்பதும் அந்த மரியாதையில் சேர்ந்ததுதான். நீங்கள் மாற்றிய அளவுக்கு எத்தனை நாள் தாங்கும் என்பதை நீங்களே வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள், அல்லது அந்த வாக்கியத்தையே விட்டுவிடுங்கள்.

எதையும் மாற்றவில்லை என்றால் அதையும் சொல்லலாம்: "அளவு எல்லாமே அவங்க சொன்னபடிதான்."

அடுத்தது, வரியை எங்கே வைப்பது. பெரும்பாலானவர்கள் கேப்ஷனில் மட்டும் போடுகிறார்கள், அதுவும் இருபது ஹேஷ்டேக்குக்குக் கீழே. இன்ஸ்டாகிராமில் கேப்ஷனின் முதல் வரிதான் கண்ணில் படும், மீதியைப் பார்க்கத் தட்டித் திறக்க வேண்டும். யூடியூப் ஷார்ட்ஸில் டிஸ்கிரிப்ஷனைத் தேடிப் போய்த்தான் படிக்க வேண்டும். போதாக்குறைக்கு, 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸின் டிஸ்கிரிப்ஷனிலும் கமென்டிலும் போடும் லிங்க்கைத் தட்டினால் திறக்காதபடி யூடியூப் மாற்றிவிட்டது. அதனால் நீளமான லிங்க்கை ஒட்டுவதில் பயனில்லை. @ போட்டு அவருடைய பெயரை எழுதுங்கள், கூடவே அவர் வீடியோவின் தலைப்பை அவர் வைத்தபடியே எழுதுங்கள். தலைப்பு இருந்தால் தேடி எடுத்துவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் வாட்ஸ்அப். உங்கள் வீடியோவை யாராவது டவுன்லோட் செய்து குடும்பக் குரூப்பில் போட்டால் கேப்ஷனும் பின் செய்த கமென்டும் கூட வராது. வீடியோவுக்குள் இருப்பது மட்டும்தான் போகும். அதனால் பெயர் குரலிலும் இருக்க வேண்டும், திரையிலும் இருக்க வேண்டும். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறவருக்குத் திரை, கண்ணை எடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கிறவருக்குக் குரல்.

திரையில் எழுதும்போது கீழ் மூன்றில் ஒரு பங்கையும் வலது ஓரத்தையும் தவிர்த்துவிடுங்கள். கேப்ஷன், லைக் பட்டன் எல்லாம் அங்கேதான் வந்து உட்காரும், எழுத்து மறைந்துவிடும். நடுவுக்குச் சற்று மேலே வையுங்கள். நீங்கள் ஒருமுறை நிதானமாக வாய்விட்டுப் படித்து முடிக்கும் வரை அது திரையில் நிற்க வேண்டும். கடைசி அரை நொடியில் மின்னி மறையும் பெயரை யாரும் படிப்பதில்லை. போடுவதற்கு முன் வீடியோவை உங்கள் எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒலியை அணைத்து ஒருமுறை பாருங்கள். யாருடைய குறிப்பு என்று அப்போதும் தெரிந்தால் சரி.

இனி, யாரிடமிருந்து என்பது. நீங்கள் பார்த்த பக்கமும் முதலில் செய்தவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்பதில்லை. மற்றவர்கள் வீடியோவை எடுத்துப் போடுவதையே வேலையாக வைத்திருக்கும் பக்கங்கள் ஏராளம். வீடியோவில் சேனல் முத்திரை ஏதாவது மங்கலாகத் தெரிகிறதா, சமையலறையும் குரலும் அந்தப் பக்கத்தின் மற்ற வீடியோக்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு வீடியோவிலும் வேறு வேறு அடுப்பு, வேறு வேறு குரல் என்றால் அது அவர்களுடையது இல்லை. வீடியோவில் வரும் வித்தியாசமான ஒரு வாக்கியத்தைப் போட்டுத் தேடி, பழைய தேதியில் இருப்பதை எடுங்கள்.

எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால் "உரியவருக்கு நன்றி" என்று எழுதாதீர்கள். உரியவர் யார் என்று தேடினீர்களா, இல்லையா என்பதே அதில் தெரியாது. இப்படி எழுதுங்கள்: "@இன்ன பக்கம் பகிர்ந்த வீடியோவில் பார்த்தேன். முதலில் செய்தவர் யார் என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொன்னால் பெயரைச் சேர்க்கிறேன்." இந்த ஒரு வரியை மட்டும் கேப்ஷனிலும் பின் செய்த கமென்டிலும் வையுங்கள். கேப்ஷனைப் பிறகு திருத்தலாம், வீடியோவுக்குள் எழுதியதைத் திருத்த முடியாது.

சேனல் இல்லாத மனிதர்களிடம் கற்றுக்கொண்டதற்கு வேறு வழி. எங்கள் தெருவில் இருக்கும் ஒருவரிடம் நான் கந்தரப்பம் சுடக் கற்றுக்கொண்டேன். வீடியோ போடும் முன் "ஆச்சி, உங்க பேரைப் போடட்டுமா?" என்று கேட்டேன். "பேரெல்லாம் வேண்டாம்டி, காரைக்குடி ஆச்சின்னு போடு, எங்க ஊர் பலகாரம்னு தெரிஞ்சா போதும்" என்றார். அப்படியே போட்டேன். அவரைக் கேட்காமல் முழுப் பெயரும் தெருவும் போட்டிருந்தால் அது அவருக்குத் தொந்தரவு. வெறுமனே "பாரம்பரிய முறை" என்று போட்டிருந்தால் அவர் இருந்த இடமே தெரியாமல் போயிருக்கும். எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவரையே கேட்பதுதான் சுலபம்.

ஜோக்குக்கு வருவோம். நம் வார இதழ்களில் வாசகர் ஜோக்கின் கீழே எழுதியவர் பெயரும் ஊரும் இருக்கும். அந்த முறையே போதும்: "எழுதியவர்: இன்னார், இன்ன ஊர். இன்ன இதழில் வந்தது." ஜோக்கில் மட்டும் பெயரை முன்னால் இழுத்துச் சொன்னால் சிரிப்பு போய்விடும் என்பதால், திரையில் ஆரம்பத்திலிருந்தே எழுத்து இருக்கட்டும், குரலில் முடித்த பிறகு சொல்லுங்கள். மேடைக் கலைஞர் ஒருவரின் ஜோக்கை முழுசாக நீங்கள் சொல்வது வேறு விஷயம். அவர் டிக்கெட் விற்பதே அதை வைத்துத்தான். அங்கே பெயர் போட்டால் மட்டும் போதாது, முதலில் கேட்க வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் சொல்லாதீர்கள்.

கதையிலும் அப்படித்தான். ஊர்க்கதை என்றால் யார் சொல்லிக் கேட்டீர்கள், எந்த ஊர்ப்பக்கம் என்று சொன்னால் போதும். புத்தகத்தில் படித்ததைப் "பாட்டி சொன்ன கதை" என்று சொல்லாதீர்கள். அச்சான சிறுகதை என்றால் எழுதியவர் பெயர், கதைத் தலைப்பு, தொகுப்பின் பெயர் மூன்றும் வேண்டும், "நான் சுருக்கிச் சொல்கிறேன்" என்பதும் வேண்டும். இல்லையென்றால் உங்கள் வாக்கியத்தை அவர் வாக்கியம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

சட்டத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை எழுதியவருக்குத் தனியாகவே தருகிறது. உரிமையை விற்ற பிறகும் அது அவரிடம் இருக்கும். இன்னொரு பக்கம், வெறும் கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 1978இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் பூண்டை அரைத்து ஊற்றும் யோசனையை உங்கள் சொல்லில், உங்கள் அடுப்பில் காட்டலாம். அவருடைய வீடியோத் துண்டையோ, படத்தையோ, அவர் எழுதிய குறிப்பை வரிக்கு வரியோ எடுத்தால் பெயர் போட்டது அனுமதி ஆகாது. "காப்புரிமை மீறும் நோக்கம் இல்லை" என்று எழுதுவதால் எதுவும் மாறாது.

கேட்பதற்கு நான் அனுப்பும் செய்தி இவ்வளவுதான்:

"வணக்கம்மா. உங்கள் பூண்டுக் குழம்பு வீடியோ பார்த்துச் செய்தேன். பாதிப் பூண்டை அரைக்கும் முறையை என் வீடியோவில் உங்கள் பெயரோடு சொல்ல விரும்புகிறேன். புளி, எண்ணெய் அளவை மாற்றியிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுவேன். பெயரை எப்படிப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றாலும் சரி, போட மாட்டேன்."

ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். பதில் வராவிட்டால் சமையல் குறிப்பை மேலே சொன்னபடி பெயரோடு போடுங்கள், மேடைக் கலைஞரின் ஜோக்கையும் அச்சான கதையையும் போடாதீர்கள். போட்ட பிறகு அவர் எடுக்கச் சொன்னால் விவாதிக்காமல் எடுத்துவிட்டு, எடுத்துவிட்டதாக ஒரு வரி பதில் அனுப்புங்கள்.