நாளுக்கு முப்பது சொல் வேண்டாம், வாரத்துக்குப் பத்துக் குடும்பம் போதும்

கேள்வி: நான் செவிலியர். இங்கிலாந்தில் வேலைக்குச் செல்வதற்காக ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வுக்குப் படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். வாசிப்புப் பகுதியில் 40க்கு 23, 24க்கு மேல் ஏறவில்லை. எனக்கு 7 பேண்ட் வேண்டும். அகர வரிசையில் 3,000 சொற்கள் கொண்ட ஒரு புத்தகத்தை நாளுக்கு 30 சொல் வீதம் மனப்பாடம் செய்து வருகிறேன். ஆனால் படித்த சொல்லே பத்தியில் வேறு உருவத்தில் வந்தால் அடையாளம் தெரியவில்லை. முன்னொட்டு, பின்னொட்டுப் பட்டியலைப் படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் தோழிகள். தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது. என்ன செய்வது?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள். அகர வரிசை, சொல்லைத் தேடுவதற்கு ஏற்ற வரிசை, கற்பதற்கு ஏற்றதல்ல. தொடக்கம் ஒன்றுபோல் ஒலிக்கும் முப்பது சொற்களை ஒரே நாளில் படித்தால் அவை ஒன்றோடொன்று குழம்பும். தேர்வில் அடிக்கடி வரும் சொல்லும் ஆயுளில் ஒருமுறை வரும் சொல்லும் அதில் சமமாக நிற்பது இன்னொரு தொல்லை.

இதற்கு மாற்று ஒன்று உண்டு. நியூசிலாந்தின் வெலிங்டனில் உள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அகாடமிக் வேர்ட் லிஸ்ட்’ அது. கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு துறைகளின் நூல்களிலிருந்து சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட ஒரு தொகுப்பை ஆராய்ந்து, நான்கிலும் பரவலாக வரும் 570 சொற்குடும்பங்களை, அதாவது ஒரு தலைச்சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்த தொகுதிகளை, அவர் பிரித்தெடுத்தார். அன்றாட ஆங்கிலத்தின் அடிப்படையான 2,000 குடும்பங்களை முதலிலேயே ஒதுக்கிவிட்டார். மிஞ்சிய இந்த 570 குடும்பங்கள் மட்டுமே அந்த நூல்களில் பத்தில் ஒரு பங்குச் சொற்களாக அமைகின்றன. பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

பட்டியல் பத்துத் துணைப்பட்டியல்களாக, அதிகம் வருபவை முதலில் என்ற வரிசையில் இருக்கிறது. முதல் ஒன்பதிலும் 60 குடும்பங்கள் வீதம், கடைசியில் 30. அந்தப் பத்தில் ஒரு பங்கில் பாதிக்கு மேல் முதல் இரண்டு துணைப்பட்டியல்களிலிருந்தே வந்துவிடுகிறது. ஆகவே 570ஐயும் முடிக்கும் ஆசை வேண்டாம். வாரத்துக்குப் பத்துக் குடும்பம் என்று வைத்தால் பன்னிரண்டு வாரத்தில் முதல் இரண்டும், அதாவது 120 குடும்பங்களும் முடியும். உங்கள் மூன்று மாதத்துக்குச் சரியான அளவு அது.

இனி, சொல்லைப் பிரிப்பது. இதை நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. நோயாளியின் குறிப்பேட்டில் ‘ஹைப்போக்ளைசீமியா’ என்று இருந்தால் அகராதியைத் தேடுகிறீர்களா? ‘ஹைப்போ’ குறைவு, நடுவில் சர்க்கரை, இறுதியில் இரத்தம் என்று கண் தானாகவே பிரித்துக்கொள்கிறது. ‘ஹைப்பர்’ என்று மாறினால் பொருள் தலைகீழாகிவிடும் என்பதும் தெரியும். மருத்துவமனையில் நாள்தோறும் செய்யும் இந்த வேலையைத்தான் வாசிப்புத் தாளிலும் செய்யப்போகிறீர்கள்.

துணைப்பட்டியல் ஒன்றிலிருந்து ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தலைச்சொல் ‘வேரி’, மாறுபடு என்னும் வினை. ‘வேரியேஷன்’ என்றால் மாறுபாடு. ‘வேரியன்ட்’ என்பதைக் கொரோனா காலத்தில் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பீர்கள், திரிபு. ‘வேரியபிள்’ மாறக்கூடியது, பள்ளிக் கணக்கில் ‘மாறி’ என்று படித்தீர்களே, அதுவேதான். இதே குடும்பத்தின் கடைக்குட்டி ‘இன்வேரியபிளி’. உங்கள் புத்தகத்தில் ‘ஐ’ வரிசையில், ‘வி’ வரிசையில் இருக்கும் தாயிடமிருந்து பல நூறு பக்கம் தள்ளி அது கிடக்கும். போதாக்குறைக்கு ‘வேரி’யின் இறுதியிலுள்ள ‘ஒய்’ எழுத்து, பின்னொட்டுச் சேர்ந்ததும் ‘ஐ’ ஆகிவிடும். அடையாளம் தெரியாமல் போவதில் வியப்பே இல்லை.

பத்தியில் இப்படி ஒரு வாக்கியம் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்: விளைச்சல் வயலுக்கு வயல் மாறுபட்டது, ஆனால் விவசாயிகள் ‘இன்வேரியபிளி’ மழைக்கு முன்பே விதைத்தார்கள். கேள்வித்தாளில் ஒரு கூற்று: சில ஆண்டுகளில் விவசாயிகள் மழை தொடங்கிய பிறகு விதைத்தார்கள். ‘ட்ரூ’, ‘ஃபால்ஸ்’, ‘நாட் கிவன்’ மூன்றில் எது?

அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போகிறவருக்கு, எல்லா ஆண்டுகளையும் பற்றிப் பத்தி எதுவும் சொல்லாததுபோல் தோன்றும். ‘நாட் கிவன்’ என்று எழுதுவார். பிரித்துப் பார்ப்பவர் பின்னாலிருந்து வருவார்: ‘லி’ இருப்பதால் வினை நடக்கும் விதம், ‘ஏபிள்’ என்றால் கூடிய, உள்ளே மாறுபடு, முன்னால் ‘இன்’, இல்லை. மாறுபடாத விதத்தில், அதாவது எப்போதும். விடை ‘ஃபால்ஸ்’.

இங்கே தமிழ் வழியில் படித்தவருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் எதிர்மறை சொல்லின் பின்பகுதியில் வரும்: மாறி, மாறிலி, வந்தான், வரவில்லை. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. வேகமாக வாசிக்கும்போது நம் கண் அதை விட்டுவிடுகிறது. ஆகவே முன்னொட்டுகளில் முதலில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ‘அன்’, ‘ரி’, இல்லை என்னும் பொருளில் வரும் ‘இன்’, ‘டிஸ்’. அமெரிக்கப் பள்ளிப் பாடநூல்களின் சொற்களை வைத்து 1989இல் வெளியான ஓர் ஆய்வில், முன்னொட்டு உள்ள சொற்களில் 58 சதவீதம் இந்த நான்கிலேயே அடங்கின. நாற்பது, ஐம்பது முன்னொட்டுகள் கொண்ட பட்டியல்கள் கடைகளில் விற்கின்றன. அவற்றின் பிற்பாதியைப் படிக்கும் நேரத்தில் நீங்கள் தூங்கலாம்.

‘இன்’ மட்டும் வேடம் மாற்றும். ‘லீகல்’ முன் வந்தால் ‘இல்லீகல்’, ‘ரெகுலர்’ முன் ‘இர்ரெகுலர்’, ‘பாஸிபிள்’ முன் ‘இம்பாஸிபிள்’. அடுத்து வரும் ஒலிக்கு ஏற்ப மெய் திரிவதுதான் காரணம். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதைப் படித்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பின்னொட்டுகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். குடும்பங்களைப் படிக்கையில் அவை திரும்பத் திரும்ப வந்து தாமாகவே பதியும். அவற்றின் பெரும்பயன் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளில். பத்தியில் ‘அனலைஸ்’ என்ற வினை கடந்த கால வடிவில் வந்து, உப்பு உள்ளதா என்று மண்ணைப் பகுப்பாய்வு செய்தார்கள் என்றிருக்கும். கேள்வியிலோ மண்ணின் ‘அனாலிஸிஸ்’ எதைத் தேடியது என்று கேட்டுக் கோடு போட்டிருக்கும். இரண்டும் ஒரே குடும்பம் என்று தெரிந்தால் அந்த வரியைச் சட்டென்று பிடித்துவிடலாம். ஆனால் கோட்டில் எழுதும் சொல்லைப் பத்தியில் உள்ளபடியே எழுத வேண்டும். பத்தியிலிருந்து சொற்களை எடுத்து எழுதச் சொல்லும் கேள்வியில் நீங்களே வினையைப் பெயராக்கி எழுதினால் மதிப்பெண் போகும். எழுத்துப் பிழைக்கும் அப்படித்தான். உருவம் மாறுவது கோட்டைச் சுற்றியுள்ள சொற்களில். கோட்டுக்குள் போகும் சொல்லில் அல்ல.

உங்கள் தோழிகள் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லாத இடம் இனிமேல்தான். மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்க, இலத்தீன் துண்டுகளைக் கொண்டு அறிஞர்கள் திட்டமிட்டுக் கோத்தவை. அதனால் பிரித்தால் பெரும்பாலும் சரியாகப் பிரியும். பொது ஆங்கிலத்தின் இலத்தீன் வழிச் சொற்கள் அப்படியல்ல. பல நூற்றாண்டுகள் மக்கள் வாயில் புழங்கிப் பொருள் நகர்ந்தவை. ‘இன்வேல்யுவபிள்’ என்றால் மதிப்பில்லாதது என்று நினைப்பீர்கள். மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது என்பது பொருள். ‘இன்டிஃபரன்ட்’ என்பவர் அக்கறையற்றவர். அவருக்கும் வேறுபாட்டுக்கும் இப்போது தொடர்பில்லை. ‘இன்டென்ஸ்’ என்பதில் இருக்கும் ‘இன்’ எதையும் மறுக்கவே இல்லை. ‘கன்ஸிடரபிள்’ என்பது கணிசமானது, ‘கன்ஸிடரேட்’ பிறரை எண்ணி நடப்பது. பின்னொட்டு மாறியதில் பொருளே வேறாகிவிட்டது. பட்டியலில் ஒரே குடும்பமாக இருக்கும் ‘கன்ஸிஸ்ட்’டும் ‘கன்ஸிஸ்டென்ட்’டும்கூட விலகியவைதான்: முன்னது அடங்கியிருப்பது, பின்னது முரண்படாமல் ஒரே சீராக இருப்பது.

ஆகவே பிரிப்பதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். முதலில் வாக்கியத்தைப் பார்த்து, அந்த இடத்தில் என்ன பொருள் வரலாம் என்று ஊகியுங்கள். பிறகு பிரியுங்கள். கிடைத்த பொருளை மீண்டும் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மருந்தின் பயனை ஐந்து வரி புகழ்ந்துவிட்டு ‘இன்வேல்யுவபிள்’ என்று முடித்தால், மதிப்பில்லாதது என்ற பொருள் அங்கே உட்காராது. உட்காராதபோது வாக்கியத்தை நம்புங்கள், முன்னொட்டை அல்ல. 60 நிமிடத்தில் 40 கேள்விகள் என்பதால் இதெல்லாம் சில நொடிகளில் முடிய வேண்டும்; பழக்கத்தால்தான் அந்த வேகம் வரும்.

பழக்கத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். குடும்பத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். மேலே தலைச்சொல்லும் அதன் தமிழ்ப் பொருளும். கீழே உறுப்பினர்கள், ஆனால் நீங்கள் உண்மையிலேயே ஒரு பத்தியில் கண்டவை மட்டும், கண்ட வாக்கியத்தோடு. அகராதியைப் பார்த்து எல்லா உறுப்பினர்களையும் முதல் நாளே நிரப்பினால் அது இன்னொரு மனப்பாடப் புத்தகமாகிவிடும். பொருள் விலகிய உறுப்பினரைச் சிவப்பு மையில் எழுதுங்கள். வார இறுதியில், ஏற்கெனவே எழுதி முடித்த பயிற்சித் தாள் ஒன்றின் பத்திகளைத் திரும்ப எடுத்து, அந்த வாரக் குடும்பங்களில் எவை எந்த உருவத்தில் வந்திருக்கின்றன என்று அடிக்கோடிடுங்கள். தெரிந்த பத்தி என்பதால் கவனம் முழுவதும் சொல்லின் உருவத்தில் நிற்கும்.

தொடங்குமுன் ஒரு கணக்கு. 7 பேண்டுக்கு ஏறக்குறைய 30 விடைகள் சரியாக வேண்டும். உங்களுக்குக் குறைவது ஆறேழு. கடைசியாக எழுதிய மூன்று தாள்களில் தவறிய கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள்: சொல் தெரியவில்லை, தெரிந்த சொல்லின் உருவம் தெரியவில்லை, சொல் தெரிந்தும் ‘ஃபால்ஸ்’, ‘நாட் கிவன்’ குழப்பம், நேரம் போதவில்லை. முதல் இரண்டும் பாதிக்கு மேல் இருந்தால் மேலே சொன்னபடி செய்யுங்கள். பெரும்பாலானவை கடைசி இரண்டில் விழுந்தால் வாரத்துக்குப் பத்துக் குடும்பத்தை ஐந்தாகக் குறைத்துக்கொண்டு, மிஞ்சும் நேரத்தில் கடிகாரம் வைத்துத் தாள் எழுதுங்கள்; அந்த மதிப்பெண்களைச் சொற்கள் மீட்டுத் தராது.