ஓட்டல் கைமாறுகிறது: வேலை, முன்பணம், முன்பதிவு பற்றி வாசகர் கேள்விகள்

கும்பகோணத்தில் 42 அறைகளும் ஒரு விழா அரங்கும் உள்ள ஓட்டலில் மேலாளராக இருக்கிறேன். முதலாளி ஓட்டலை வேறொரு நிறுவனத்துக்கு விற்கிறார். ஆகஸ்ட் 1 முதல் அவர்கள் நிர்வாகம். ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் அறிவிப்பு எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எப்போது சொல்வது, என்ன எழுதுவது?

பேனாவை எடுப்பதற்கு முன் முதலாளியிடம் ஒன்றைக் கேளுங்கள்: விற்கப்படுவது நிறுவனத்தின் பங்குகளா, ஓட்டல் தொழிலா? பங்குகள் மட்டும் கைமாறினால் ஊழியர்களுக்கு வேலை கொடுத்த நிறுவனம் அப்படியே இருக்கிறது. ஜி.எஸ்.டி. எண்ணும் மாறாது, வாங்கிய முன்பணமும் அதே கணக்கில் இருக்கும். நிர்வாகத்தில் யார் வருகிறார்கள் என்று சொன்னால் போதும். கட்டடம், அறைகள், ஊழியர்கள் எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றினால் நிலைமை வேறு. அப்போது சட்டப்படி முதலாளியே மாறுகிறார். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இரண்டாவது வகை என்றே தெரிகிறது.

அந்த வகை மாற்றத்துக்கு 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் மூன்று நிபந்தனைகள் வைத்தது. வேலை இடையில் அறுபடக் கூடாது. புதிய இடத்தின் சம்பளமும் மற்ற நிபந்தனைகளும் பழையதைவிடக் குறையக் கூடாது. பின்னாளில் ஆட்குறைப்பு நேர்ந்தால், பழைய ஆண்டுகளையும் சேர்த்தே புதிய முதலாளி இழப்பீடு தர வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முன்னறிவிப்பும், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் இழப்பீடும் தர வேண்டும். பின்னர் வந்த 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இதே ஏற்பாடு தொடர்கிறது. ஊழியர்களுக்கான அறிவிப்பின் எலும்புக்கூடு இந்த மூன்று நிபந்தனைகள்தான். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"ஆகஸ்ட் 1 முதல் நம் ஓட்டலின் உரிமையும் நிர்வாகமும் (நிறுவனத்தின் பெயர்) வசம் செல்கின்றன. அன்று பணியில் இருக்கும் நிரந்தர ஊழியர்கள் அனைவரும் அதே வேலையில் தொடர்வார்கள். இப்போதைய சம்பளமும் விடுப்பும் மற்ற சலுகைகளும் குறையாது. இங்கே நீங்கள் சேர்ந்த நாளிலிருந்தே உங்கள் பணிக்காலம் கணக்கிடப்படும். சேர்த்து வைத்துள்ள விடுப்பு நாட்கள் புதிய நிர்வாகத்திலும் செல்லும். ஜூலைச் சம்பளத்தைப் பழைய நிர்வாகமும் ஆகஸ்ட் சம்பளத்தைப் புதிய நிர்வாகமும் வழங்கும்."

இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். பழைய முதலாளி மட்டும் கையெழுத்திட்டு, "புதியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் தேவையில்லை. மேலே உள்ள ஒவ்வொரு வரியும் விற்பனை ஒப்பந்தத்திலும் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே ஒட்டுங்கள். "யாருக்கும் எப்போதும் வேலை போகாது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அடுத்த ஆண்டு லாண்டரியை வெளியே கொடுக்கப் புதியவர்கள் முடிவு செய்தால் அந்த வரி பொய்யாகிவிடும்.

காவலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர்கள் என்றால் இந்தக் கடிதம் அவர்களைத் தொடாது. அவர்கள் வேலை அந்த ஒப்பந்தம் நீடிப்பதைப் பொறுத்தது. அதையும் ஒளிக்காமல் தனியாகச் சொல்லிவிடுங்கள். உங்களைப் போன்ற மேலாளர்களுக்கும் நான் சொன்ன சட்டப் பாதுகாப்பு கிடையாது. உங்கள் நியமன ஒப்பந்தம்தான் உங்களுக்குத் துணை. பிறருக்குக் கடிதம் எழுதும் அவசரத்தில் உங்கள் கடிதத்தைக் கேட்டு வாங்க மறக்க வேண்டாம்.

எப்போது சொல்வது? ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே, ஊழியர்களுக்கு முதலில். புதியவர்கள் ஆட்களை அனுப்பி அறைகளை அளக்கத் தொடங்கிய நாளிலேயே சமையலறை வரை செய்தி போயிருக்கும். பிற்பகல் 2 மணிக்கு ஷிப்ட் மாறும்போது காலை, மாலை ஆட்கள் இருவரும் இருப்பார்கள். அப்போது ஒரு முறை சொல்லுங்கள். இரவு 10 மணிக்கு இரவு ஆட்களிடம் நேரில் இன்னொரு முறை சொல்லுங்கள். இரவுக் காவலில் இருப்பவர் மறுநாள் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடுவது அநியாயம். விருந்தினர்களுக்கான அறிவிப்பு அதற்கு மறுநாள் போகட்டும்.

ஆகஸ்ட் 1 நல்ல தேதி. ஆடியில் அரங்கம் பெரும்பாலும் காலியாக இருக்கும். ஆனால் ஆவணி முகூர்த்தங்களுக்கு இப்போதே முன்பணம் வாங்கியிருப்பீர்கள். அந்தப் பட்டியலைப் பெயர், தேதி, தொகை, ரசீது எண் வாரியாகத் தயார் செய்யுங்கள். உதாரணத்துக்கு, ஆறு வரவேற்புகளுக்குத் தலா ரூ.50,000 வீதம் ரூ.3 லட்சம், அறைகளுக்கு ரூ.80,000 என்று வைத்துக்கொள்வோம். இந்த ரூ.3.8 லட்சம் பழைய முதலாளியின் கையில் இருக்கிறது. விருந்து பரிமாறப் போவது புதியவர். எனவே விற்பனை விலையில் இந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு, பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். இது நடந்த பிறகுதான் "உங்கள் முன்பணம் பத்திரம்" என்று விருந்தினருக்கு எழுத உங்களுக்கு வாய் வரும்.

ஜூலை 31 இரவு தங்கியிருப்பவர்களையும் யோசியுங்கள். அன்றைய இரவுக் கணக்கு முடிந்ததும் அதுவரையான அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பழைய நிறுவனத்தின் பெயரில் ஒரு பில், மறுநாளிலிருந்து புதிய ஜி.எஸ்.டி. எண்ணில் இன்னொரு பில் என்று பிரிக்க வேண்டும். அலுவலகச் செலவில் தங்கியவருக்கு இரண்டு பில்லும் தேவைப்படும். அவர் அறையைக் காலி செய்யும் காலையில் கவுன்டரில் விளக்கிக்கொண்டிருப்பதைவிட, வந்து சேரும்போதே சொல்லிவிடுங்கள்.

பதினொரு வருடமாக ஒரே ஓட்டலில் ரூம் பாயாக இருக்கிறேன். புது முதலாளி வருகிறார். "ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுங்கள், மறுநாளே புதிய வேலை ஆணை தருகிறோம், எல்லாருக்கும் இதுதான் நடைமுறை" என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

போட வேண்டாம். உங்களுக்குத் தர வேண்டியது, பணி தொடர்கிறது என்று சொல்லும் கடிதம். அதற்கு ராஜினாமா தேவையே இல்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். உங்கள் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து ரூ.15,600 என்று வைத்துக்கொள்வோம். கிராஜுவிட்டிக்கு மாதத்தை 26 நாளாகக் கணக்கிடுவார்கள். ஒரு நாளுக்கு ரூ.600, ஓர் ஆண்டுப் பணிக்குக் கிடைக்கும் பதினைந்து நாளுக்கு ரூ.9,000. பதினொரு ஆண்டுக்கு ரூ.99,000. பணி தொடர்ச்சியாக நடந்து, இன்னும் நான்கு ஆண்டு கழித்து நீங்கள் விலகினால், சம்பளம் ஒரு ரூபாய் உயராவிட்டாலும் பதினைந்து ஆண்டுக்கு ரூ.1,35,000 வரும். ராஜினாமா செய்து புதிதாகச் சேர்ந்தால் கதை மாறும். பழைய பதினொரு ஆண்டுக்கான ரூ.99,000-ஐப் பழைய முதலாளி 30 நாளில் தந்தாக வேண்டும். ஆனால் புதியவரிடம் உங்கள் கணக்கு சுழியத்திலிருந்து தொடங்கும். நான்கு ஆண்டில் விலகினால், பொதுவாகத் தேவைப்படும் ஐந்து ஆண்டு முடியாததால், அவரிடமிருந்து கிராஜுவிட்டி வராது. ஆட்குறைப்பு வந்தாலும் புதிய ஆண்டுகளுக்கு மட்டுமே இழப்பீடு. அதோடு, ஓட்டல் மாறியதற்கான இழப்பீட்டைக் கேட்டால், "நீங்களாகத்தானே விலகினீர்கள்" என்று அந்த ராஜினாமாவையே எடுத்துக் காட்டுவார்கள்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்ட நண்பர்கள் இருந்தால், பழைய கணக்கு முழுவதும் பட்டுவாடா ஆகிவிட்டதா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். பணமும் வரவில்லை, பணித் தொடர்ச்சியும் எழுத்தில் இல்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். எல்லாரிடமும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் ராஜினாமா வாங்கியிருப்பதே அது மனமுவந்து எழுதியதல்ல என்பதற்கு நல்ல சாட்சி.

பி.எஃப். பற்றியும் ஒரு வார்த்தை. முதலாளி மாறினாலும் உங்கள் யு.ஏ.என். எண் மாறாது. மாற்றம் நடப்பதற்குள் பாஸ்புக்கைத் திறந்து, கடைசி மாதம் வரை பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாக்கி இருந்தால் பழையவர், புதியவர் இருவருமே அதற்குப் பொறுப்பு. புதியவரின் பொறுப்பு, அவர் பெற்றுக்கொண்ட சொத்தின் மதிப்பு வரை. எந்த மாதம் விடுபட்டது என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு அலைய வேண்டியிருக்காது.

மகளின் வரவேற்புக்கு ஓட்டல் அரங்கத்தைப் பதிவு செய்து ரூ.75,000 கொடுத்திருக்கிறோம். ஓட்டலை விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டோம். ஃபோன் செய்தால் "ஒன்றும் பிரச்சினை இல்லை சார்" என்கிறார்கள். நம்பலாமா?

அப்படிச் சொல்பவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் உங்களுக்கு வேண்டியது புதிய நிறுவனத்தின் கடிதம் அல்லது மின்னஞ்சல். அதில் தேதி, அரங்கம், இலைக்கு என்ன விலை, என்னென்ன பதார்த்தம், பெறப்பட்ட ரூ.75,000 மொத்தத் தொகையில் கழிக்கப்படும் என்பது, இவ்வளவும் இருக்க வேண்டும். ரசீதின் நகலோடு நேரில் போய் வாங்கிவிடுங்கள். மீதிப் பணத்தை அந்தக் கடிதம் வந்த பிறகே கட்டுங்கள். எந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்கு என்று பார்த்துக் கட்டுங்கள்.

"பழைய விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்று புதியவர்கள் சொன்னால் தயங்காதீர்கள். உங்களோடு ஒப்பந்தம் செய்தவர் பழைய முதலாளி. உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் தன் பொறுப்பை இன்னொருவர் தலையில் வைத்துவிட்டு ஒதுங்க முடியாது. ஒன்று, ஒப்புக்கொண்ட விலைக்கே விழா நடக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் திரும்ப வர வேண்டும். கடைசி நேரத்தில் வேறு மண்டபம் தேடியதால் ஏற்பட்ட கூடுதல் செலவையும் நுகர்வோர் ஆணையத்தில் கேட்கலாம். முதல் படியாகத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

எங்கள் ஓட்டலின் பெயர்ப் பலகை மாறப் போவதில்லை. முதலாளி மாறியதை விருந்தினர்களிடம் சொல்லத்தான் வேண்டுமா?

பெயரும் உரிமையும் வேறு வேறு கைகளில் இருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். 2019-இல் சென்னை உட்பட நான்கு லீலா ஓட்டல்களை ப்ரூக்ஃபீல்ட் ரூ.3,950 கோடிக்கு வாங்கியது. வாசலில் லீலா என்ற பெயர் அப்படியே இருந்தது. ஒரு நாள் தங்கிவிட்டுப் போகிறவருக்கு இதில் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. முன்பணம் கொடுத்தவர்கள், மாதக் கணக்கில் அறை எடுக்கும் நிறுவனங்கள், பரிசுக் கூப்பன் வைத்திருப்பவர்கள், இந்த மூன்று வகையினருக்கும் கட்டாயம் எழுத வேண்டும். பில்லில் வரும் நிறுவனத்தின் பெயர் மாறினால் கணக்குப் பிரிவுகள் பணத்தை நிறுத்தி வைத்துவிடும்.

வரவேற்பு மேசையில் இருக்கிறேன். விருந்தினர்கள் கேட்டால் என்ன சொல்வது? "பார் திறந்திருக்குமா?" என்று வேறு கேட்கிறார்கள்.

"ஆமாம், ஆகஸ்ட் 1 முதல் நிர்வாகம் மாறுகிறது. உங்கள் பதிவு எங்களிடம் இருக்கிறது, அதே விலைதான். எழுத்தில் வேண்டுமென்றால் இப்போதே மின்னஞ்சல் அனுப்புகிறேன்." இவ்வளவு போதும். விற்ற காரணம், விலை, கடன் பற்றிக் கேட்பவர்களை மேலாளரிடம் அனுப்பிவிடுங்கள்.

பார் விஷயத்தில் மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். எஃப்.எல்.3 உரிமம் பழைய நிறுவனத்தின் பெயரில் இருந்தால், மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் ஒப்புதல் இல்லாமல் புதியவர்கள் அதை நடத்த முடியாது. ஒப்புதல் வந்துவிட்டதா என்று மேலாளரிடம் கேளுங்கள். வராவிட்டால், "ஆகஸ்ட் முதல் வாரம் பார் இயங்குமா என்று இன்னும் உறுதியாகவில்லை, தெரிந்ததும் அழைக்கிறேன்" என்று சொல்லி, எண்ணைக் குறித்துக்கொண்டு, சொன்னபடி அழையுங்கள்.