போட்ட பணமும் எடுத்த பணமும்: சூதாட்டத் தளங்கள் எப்போது அறிக்கை அனுப்புகின்றன?

பணச்சலவைத் தடுப்பு விதிகள் குறித்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தையே சுற்றி வந்தன: கணக்கில் பணம் போட்டு, கொஞ்சம் ஆடி, மீதியை எடுக்கும் ஒருவரைத் தளம் ஏன் சந்தேகத்துடன் பார்க்கிறது, எப்போது அவரைப் பற்றி நிதிப் புலனாய்வுப் பிரிவு என்ற அரசு அமைப்புக்கு அறிக்கை அனுப்புகிறது என்பதே அது. ஆகவே அதையொட்டிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஒரு தளத்தில் 1,500 யூரோ போட்டேன். ஆட்டம் பிடிக்காததால் 40 யூரோ மட்டும் ஆடிவிட்டு மீதியை எடுக்க முயன்றேன். உடனே அடையாளச் சான்றும் வங்கி அறிக்கையும் கேட்டார்கள். என் பணத்தை நான் திரும்பக் கேட்பதில் என்ன தவறு?

தவறு எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் செய்தது, பணச்சலவை செய்பவர் செய்யும் காரியத்தின் வடிவத்தோடு அப்படியே பொருந்துகிறது. குற்றத்தின் மூலம் வந்த பணத்தை வைத்திருப்பவருக்குப் பணம் பிரச்சினையல்ல. அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லாததே பிரச்சினை. அந்தப் பணம் சூதாட்டத் தளத்திற்குள் போய் வெளியே வந்தால், அவருடைய வங்கிக் கணக்கில் உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயரில் வரவு விழும். கேட்பவரிடம் "பந்தயத்தில் கிடைத்தது" என்று சொல்லிவிடலாம். இதற்கு அவர் உண்மையில் ஆடவேண்டிய அவசியமில்லை. ஆடினால் பணம் குறையும் என்பதால் ஆடாமல் இருப்பதே அவருக்கு லாபம்.

ஆட வருகிறவர் பணத்தை ஆட்டத்தில் போடுவார் என்பதே தளத்தின் அடிப்படை எதிர்பார்ப்பு. அதனால்தான் போட்ட தொகைக்கும் பந்தயம் வைத்த தொகைக்கும் உள்ள விகிதத்தைக் கண்காணிப்பு மென்பொருள் முதலில் கணக்கிடுகிறது. உங்கள் விகிதம் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. மனம் மாறிய சாதாரண மனிதரையும் சலவைக்காரரையும் இந்த எண்ணால் பிரித்தறிய முடியாது. பிரித்தறியத்தான் ஆவணங்களைக் கேட்கிறார்கள். பணம் வந்த அதே அட்டைக்கே அதைத் திருப்பி அனுப்பச் சொல்லி, கேட்ட ஆவணங்களைக் கொடுத்தால் இத்தகைய விசாரணை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: பெரிய தொகையை வென்றால் என்னைப் பற்றி அறிக்கை போகுமா?

வென்றதற்காகப் போகாது. வெற்றித்தொகையைத் தளமே தருகிறது. அது எந்த ஆட்டத்தில், எந்தப் பந்தயத்தில் கிடைத்தது என்பது தளத்தின் பதிவிலேயே இருக்கிறது. சந்தேகம் எழுவது பெரும்பாலும் உள்ளே வந்த பணத்தின் மீதுதான். பெரிய வெற்றியின்போது அடையாளச் சரிபார்ப்பு நடப்பது வேறு கடமையின் கீழ் வருவது.

கேள்வி: வரம்புத் தொகைக்குக் கீழே பிரித்துப் பிரித்துப் போட்டால் எந்த விதியும் பொருந்தாது என்று ஒரு நண்பர் சொல்கிறார். சரியா?

சரியல்ல. உங்கள் நண்பர் இரண்டு வேறு விதிகளை ஒன்றாக்கிவிட்டார். முதலாவது, வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கவேண்டிய வரம்பு. எஃப்.ஏ.டி.எஃப். என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு நிதி நடவடிக்கைக் குழு, சூதாட்டக் கூடங்களுக்கு இதை 3,000 டாலர் அல்லது யூரோ என்று வைத்திருக்கிறது. இணையச் சூதாட்டக் கூடங்களும் இதில் அடங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு நெறிமுறை இதை 2,000 யூரோ என்று வைத்தது. ஒன்றோடொன்று தொடர்புடையதாகத் தோன்றும் பல சிறு பரிவர்த்தனைகளைச் சேர்த்துக் கணக்கிடவேண்டும் என்றும் அந்த நெறிமுறை சொல்கிறது. ஆகவே பிரித்துப் போடுவதால் முதல் வரம்பிலிருந்தே தப்ப முடியாது.

இரண்டாவது, சந்தேகம் எழுந்தால் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்பவேண்டிய கடமை. எஃப்.ஏ.டி.எஃப். பரிந்துரையில் இதற்குத் தொகை வரம்பே இல்லை. சில நாடுகள் வரம்பு வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் சூதாட்டக் கூடங்களுக்கு அது 5,000 டாலர். அங்கேயும் 10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கத்திற்கான அறிக்கையைத் தவிர்ப்பதற்காகத் தொகையை உடைப்பது தனிக் குற்றம். 1,990, 1,950, 1,980 என்று வரம்பை உரசிக்கொண்டே செல்லும் ஒரு வரிசையைப் பார்க்கும் அலுவலருக்கு, ஒரே தடவையில் போட்ட 6,000 யூரோவைவிட அதுதான் அதிகம் உறுத்தும்.

கேள்வி: ஒரு சூதாட்டத் தளத்தில், விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று கவனிக்கும் இணக்கப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். போட்ட பணத்தை ஒருமுறையாவது ஆடி முடித்தவரைப் பற்றி அறிக்கை தேவையில்லை என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். இதை நம்பலாமா?

நம்பவேண்டாம். மொத்தத் தொகையை மட்டும் பார்க்கும் கணக்கு எங்கே ஏமாறும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கை வைத்துப் பார்ப்போம்.

புதிதாகப் பதிவு செய்த ஒருவர் ஒன்பது நாள்களில் 14 முறை, தடவைக்கு 600 யூரோவாக, மொத்தம் 8,400 யூரோ போடுகிறார். இரண்டு அட்டைகளையும் ஒரு மின்பணப்பையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார். பிறகு ஒற்றைப் பூஜ்யமுள்ள ரூலெட் சக்கரத்தில் 44 சுற்றுகள் ஆடுகிறார். அவர் வைத்த பந்தயங்களின் கூட்டுத்தொகை 8,800 யூரோ. போட்டதைவிட அதிகமாகவே ஆடிவிட்டார் என்று மென்பொருள் பச்சை விளக்கு காட்டும். உங்கள் மூத்தவரும் அங்கேயே கோப்பை மூடிவிடுவார்.

ஒவ்வொரு சுற்றையும் திறந்து பாருங்கள். சிவப்பில் 100, கறுப்பில் 100. சிவப்பு வந்தாலும் கறுப்பு வந்தாலும் ஒன்றில் இழந்ததை மற்றொன்று ஈடுகட்டிவிடும். சக்கரத்தின் 37 குழிகளில் பூஜ்யம் ஒன்றில் விழுந்தால் மட்டுமே இரண்டும் போகும். 44 சுற்றுகளில் பூஜ்யம் ஒரே ஒரு முறை விழுந்ததால் அவர் இழந்தது 200 யூரோ. சராசரியாகப் பார்த்தாலும் 8,800ஐ 37ஆல் வகுத்தால் கிடைக்கும் 238 யூரோ அளவில்தான் இழப்பு இருக்கும். மீதி 8,200 யூரோவை அன்று காலை புதிதாகச் சேர்த்த ஒரு வங்கிக் கணக்கிற்கு அனுப்பச் சொல்கிறார். ஆட்டமாகத் தோன்றும் இது உண்மையில் ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு கட்டணத்திற்குச் செய்த பணமாற்றம்.

இங்கே அவசரப்படக் கூடாது. எதிரெதிர்ப் பந்தயங்களுக்குக் குற்றமற்ற, அல்லது குறைந்தபட்சம் வேறு வகையான, ஒரு விளக்கம் உண்டு: தளம் தரும் ஊக்கத்தொகையை எடுக்கும் முன் இவ்வளவு தொகைக்கு ஆடியிருக்கவேண்டும் என்ற நிபந்தனையை நிறைவேற்றுவதற்காகச் சிலர் இப்படி ஆடுவார்கள். அது தளத்தின் விதியை மீறுவதாக இருக்கலாமே தவிர பணச்சலவை ஆகாது. ஆகவே அவர் ஊக்கத்தொகை எதையும் பெற்றாரா என்று முதலில் பாருங்கள். நம் கணக்கில் அவர் பெறவில்லை. அப்படியானால், இழப்பு நிச்சயம், ஆதாயம் இல்லவே இல்லை என்று தெரிந்த ஆட்டத்தை ஒருவர் 44 முறை ஏன் ஆடவேண்டும்?

அடுத்து பணத்தின் மூலத்தைக் கேட்கிறீர்கள். மாதம் 1,800 யூரோ சம்பளச் சீட்டு வருகிறது; ஒன்பது நாளில் போட்டது நான்கரை மாதச் சம்பளத்திற்கும் மேல். வங்கி அறிக்கையில் ஒவ்வொரு வைப்புக்கும் சில மணி நேரம் முன்பு வெவ்வேறு ஐந்து தனிநபர்களிடமிருந்து வரவு இருக்கிறது. இவற்றில் எதுவும் தனியாகக் குற்றத்தை நிரூபிக்காது. நிரூபிப்பது உங்கள் வேலையும் அல்ல. நியாயமான சந்தேகத்திற்குக் காரணம் இருந்தாலே அறிக்கை அனுப்பியாக வேண்டும்.

அறிக்கை எழுதும்போது "வழக்கத்திற்கு மாறான நடவடிக்கை" என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடாதீர்கள். அத்தகைய அறிக்கையைப் படிப்பவரால் எதுவும் செய்ய முடியாது. தேதிகள், தொகைகள், பயன்படுத்திய அட்டைகள், எதிரெதிர்ப் பந்தயங்களின் விவரம், பணம் அனுப்பிய ஐந்து பெயர்கள், புதிய கணக்கு சேர்க்கப்பட்ட நேரம், ஊக்கத்தொகை விளக்கத்தை ஏன் ஏற்கவில்லை என்ற காரணம் ஆகியவற்றைக் கதைபோல வரிசையாக எழுதுங்கள். அறிக்கை வேண்டாம் என்று முடிவு செய்தாலும் அந்தக் காரணத்தைக் கோப்பில் பதிந்து வையுங்கள். இரண்டாண்டு கழித்து ஒழுங்குமுறை அமைப்பு கேட்கும்போது நினைவிலிருந்து பதில் சொல்ல முடியாது.

கேள்வி: என் பழைய வங்கிக் கணக்கை மூடிவிட்டேன். தம்பியின் கணக்கிற்கு அனுப்பக் கேட்டால் மறுக்கிறார்கள்.

மறுப்பார்கள். பணம் எந்த வழியில் வந்ததோ அதே வழியில், அதே பெயருக்குத் திரும்பவேண்டும் என்பதைத்தான் பல தளங்கள் முதல் தற்காப்பாக வைத்திருக்கின்றன. ஒருவர் போட்டு இன்னொருவர் எடுக்க முடிந்தால், அந்தத் தளம் உரிமம் பெறாத பணமாற்று நிலையமாகிவிடும். கணக்கு மூடப்பட்டதற்கு வங்கியின் கடிதத்தையும் உங்கள் பெயரிலுள்ள வேறொரு கணக்கின் ஆவணத்தையும் கொடுங்கள்.

கேள்வி: இருபது நாள்களாக என் பணம் "பரிசீலனையில்" இருக்கிறது. அறிக்கை அனுப்பினீர்களா என்று நேராகவே கேட்டேன், பதிலே இல்லை. இது என்ன மரியாதை?

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் பதில் சொல்லும் ஊழியர் குற்றவாளியாகக்கூடும். அறிக்கை அனுப்பப்பட்டதை வாடிக்கையாளருக்குத் தெரிவிப்பதைப் பணச்சலவைத் தடுப்புச் சட்டங்கள் தடை செய்கின்றன. தெரிந்தால் பணமும் ஆளும் மறைந்துவிடக்கூடும் என்பதே காரணம். உங்களோடு பேசும் வாடிக்கையாளர் சேவை ஊழியருக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாமலும் இருக்கலாம்; அறிக்கை பற்றிய செய்தியைப் பல நிறுவனங்கள் அவர்களிடமிருந்தே மறைத்து வைக்கின்றன.

நாள்கணக்கிற்குப் பிரிட்டனை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அங்கே சந்தேகமுள்ள பணத்தை விடுவிக்க நிறுவனம் முன்அனுமதி கேட்டால், அதிகாரிகளுக்கு ஏழு வேலைநாள்கள் அவகாசம் உண்டு. அதற்குள் மறுப்பு வரவில்லையென்றால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம். மறுத்தால் மேலும் 31 நாள்கள் பணம் நிற்கும். அதையும் நீட்டிக்க நீதிமன்றத்தைக் கேட்க முடியும். எனவே இருபது நாள் என்பது இத்தகைய நடைமுறையாகவும் இருக்கலாம், ஆவணம் போதாமலும் இருக்கலாம், வெறும் மெத்தனமாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும் என்பது இந்த விதியின் உண்மையான குறை. நீங்கள் செய்யக்கூடியது, நிலுவையில் உள்ள ஆவணம் ஏதேனும் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்பது. அந்தக் கேள்விக்குப் பதிலளிக்க அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. பதில் வராவிட்டால், தளத்திற்கு உரிமம் கொடுத்த அமைப்பு எந்தப் புகார் வழியை ஏற்கிறது என்று பார்த்து அங்கே எழுதுங்கள்.