30 லட்சம் வீட்டுக்கடன்: 20 வருடமா, 25 வருடமா? எக்செல்லில் PMT போட்டுப் பார்ப்பது

கேள்வி: 30 லட்சம் வீட்டுக்கடன், 8.5% மாறும் வட்டி. எக்செல்ல PMT போட்டுப் பார்த்தேன். 20 வருஷத்துக்கும் 25 வருஷத்துக்கும் மாசத் தவணையில ரெண்டாயிரம் ரூபாகூட வித்தியாசம் இல்ல. மொத்த வட்டி எவ்வளவு மாறும்? எப்படிக் கணக்குப் போடுறது?

பதில்:

முதலில் ஷீட்டைச் சரியாகப் போட்டுவிடுவோம். B1-ல் கடன் தொகை 3000000, B2-ல் வட்டி 8.5%. ஐந்தாம் வரியிலிருந்து A நெடுவரிசையில் 15, 20, 25, 30 என்று வருடங்கள். அப்புறம் B5-லும் C5-லும் இவை இரண்டும்:

```
=PMT($B$2/12, A5*12, -$B$1)
=B5*A5*12-$B$1
```

முதலாவது மாதத் தவணை, இரண்டாவது மொத்த வட்டி. கீழே இழுத்துவிட்டால் மற்ற வரிகளும் நிரம்பிவிடும். டாலர் குறி இல்லாவிட்டால் இழுக்கும்போது B1, B2 இரண்டும் நகர்ந்துபோய்க் கணக்கு குழம்பும். கடனுக்கு முன்னால் மைனஸ் போட்டதற்குக் காரணம், PMT கைக்கு வரும் பணத்தை ப்ளஸாகவும் கையை விட்டுப் போவதை மைனஸாகவும் பார்க்கும். மைனஸ் போடாவிட்டால் தவணை சிவப்பு எழுத்தில் மைனஸாக வந்து நிற்கும்; எண் அதேதான்.

பலர் கோட்டைவிடுவது 12-ஆல் வகுப்பதில். வட்டியை மாதக் கணக்குக்கு மாற்றாமல், தவணைகளை மட்டும் 240 என்று கொடுத்தால் மாதம் 2,55,000 ரூபாய் கட்டச் சொல்லும். அதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வந்துவிடும் என்பதுதான் ஒரே ஆறுதல்.

சரியாகப் போட்டால் வரவேண்டிய எண்கள் இவை, ரூபாய்க்கு முழுமையாக்கி:

| வருடம் | மாதத் தவணை | மொத்த வட்டி |
|---|---|---|
| 15 | 29,542 | 23,17,594 |
| 20 | 26,035 | 32,48,327 |
| 25 | 24,157 | 42,47,043 |
| 30 | 23,067 | 53,04,264 |

20-லிருந்து 25-க்குப் போனால் மாதம் மிச்சமாவது 1,878 ரூபாய். அதற்காகக் கூடுதலாகக் கட்டும் வட்டி ஏறத்தாழ 10 லட்சம். 25-லிருந்து 30-க்குப் போனால் இன்னும் மோசம்: மிச்சம் 1,090 ரூபாய்தான், வட்டி மேலும் பத்தரை லட்சம் ஏறுகிறது.

ஏன் தவணை இவ்வளவு குறைவாக இறங்குகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். 30 லட்சத்துக்கு 8.5% என்றால் முதல் மாத வட்டி மட்டும் 21,250 ரூபாய். எத்தனை வருடம் நீட்டினாலும் தவணை இதற்குக் கீழே போகாது. போனால் கடன் குறையாது, வளரும். ஆக 20 வருடத் தவணையான 26,035-இல் முதல் மாதம் அசலுக்குப் போவது 4,785 ரூபாய். 25 வருடத் தவணையில் அது 2,907. முதல் ஒரு வருடத்தில் மொத்தம் எவ்வளவு வட்டி போகிறது என்று பார்க்க CUMIPMT இருக்கிறது:

```
=-CUMIPMT(B2/12, 240, B1, 1, 12, 0)
```

விடை ஏறத்தாழ 2,52,710. அதாவது 20 வருடக் கடனில் முதல் வருடம் நீங்கள் கட்டும் 3.12 லட்சத்தில் அசல் கழிவது 60 ஆயிரத்துக்கும் கொஞ்சம் கம்மி. கடைசி 0-வை விட்டுவிட்டால் இந்த ஃபார்முலா வேலை செய்யாது.

இதுவரை பார்த்தது வட்டி 8.5%-லேயே கடைசிவரை நின்றால். உங்களுடையது மாறும் வட்டி. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் ரெப்போ வட்டியை 4%-லிருந்து 6.5%-க்கு ஏற்றியது ஞாபகம் இருக்கும். அப்போது பலருக்குத் தவணை மாறவில்லை, காலம்தான் சத்தமில்லாமல் நீண்டது. இந்தச் சோதனையை NPER-ஐ வைத்துச் செய்யலாம். தவணையைக் கொடுத்தால் எத்தனை மாதம் ஆகும் என்று அது சொல்லும். கடன் தொடங்கியவுடனே வட்டி 9.5% ஆகிவிட்டது, தவணையை மாற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம்:

```
=NPER(9.5%/12, -26035, 3000000)
=NPER(9.5%/12, -24157, 3000000)
```

முதலாவது ஏறத்தாழ 309 மாதம். 20 வருடம் 26 வருடத்தைத் தொட்டுவிடுகிறது. இரண்டாவது 518 மாதம், அதாவது 43 வருடம்! காரணம் அதே விஷயம்தான்: 9.5%-இல் மாத வட்டி மட்டும் 23,750. 24,157 கட்டினால் அசலுக்கு மிஞ்சுவது 407 ரூபாய். வட்டியை 10.5% என்று மாற்றிப் பாருங்கள், இரண்டு வரியிலும் #NUM! என்று வரும். ஃபார்முலாவில் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். மாத வட்டி 26,250 ஆகிவிட்டதால் அந்தத் தவணையில் கடன் என்றைக்குமே அடையாது என்கிறது எக்செல்.

43 வருடத்துக்கு எந்த வங்கியும் விடாது, ஓய்வு பெறும் வயது குறுக்கே நிற்கும். அப்போது தவணையைத்தான் ஏற்றுவார்கள். 9.5%-இல் 25 வருடத்துக்கு PMT போட்டால் 26,211 வருகிறது. நீங்கள் இன்றைக்குத் தவிர்க்கப் பார்க்கும் 26,035-ஐவிட அதிகம். என்னைக் கேட்டால், 20 வருடத்தைத் தேர்ந்தெடுக்க மொத்த வட்டியைவிட இதுதான் பெரிய காரணம். நீட்டுவதற்கு இடம் மிச்சம் இருக்கிறது. 25-லேயே தொடங்கினால் அந்த இடத்தை முதல் நாளே செலவழித்தாகிவிட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தரவேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. அப்படிக் கடிதம் வந்தால் இந்த NPER-ஐ ஒரு தடவை ஓட்டிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சம்பளம் ஒரே சீராக வராதவர், சொந்தத் தொழில் செய்பவர் என்றால் 25 வருடமே எடுத்துவிட்டு, கையில் பணம் இருக்கும் மாதங்களில் கூடுதலாகக் கட்டுவதில் தப்பில்லை. வட்டி மாறாத நிலையில், 25 வருடக் கடனுக்கு மாதாமாதம் 26,035 கட்டினால் அது 20 வருடத்தில் முடியும். கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. நடைமுறையில் அந்த 1,878 ரூபாய் மாதாமாதம் வேறு எங்காவது போய்விடும் என்பது வேறு விஷயம்.

20 வருடக் கடனிலேயே 26,035-க்குப் பதில் 28,000 கட்டினால் என்ன ஆகும் என்பதையும் NPER-இல் போட்டுப் பாருங்கள்: 201.6 மாதம், மூன்று வருடத்துக்கும் மேல் முன்னதாக முடிகிறது, வட்டியில் ஏறத்தாழ 6 லட்சம் மிச்சம். ஆனால் கூடுதல் பணம் கட்டும்போதெல்லாம் தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று வங்கிக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். தவணையைக் குறைத்துவிட்டால் இந்தக் கணக்கு பொருந்தாது.