பாதி என்றால் ஐம்பதா?

கேள்வி: கோயில் திருவிழா நோட்டீசை ஏ4 தாளிலிருந்து ஏ5 ஆகச் சிறுப்பிக்க, யாழ்ப்பாண ரவுணில் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனேன். பாதித் தாள்தானே, 50 வீதம் என்று அழுத்தும் தம்பி என்றேன். 71தான் அழுத்தவேணும் என்று அடம்பிடிக்கிறான். யாருடைய கணக்குப் பிழை?
– வாசகர், சுன்னாகம்

பதில்: உங்களுடையது. தம்பியிடம் கோபித்திருந்தால் அடுத்த முறை போகும்போது ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுங்கள்.

அந்த எந்திரம் காட்டும் வீதம் பக்கங்களின் நீளத்துக்கு உரியது, பரப்புக்கு அல்ல. 50 என்று அழுத்தினால் நீளமும் பாதியாகும், அகலமும் பாதியாகும். நோட்டீஸ் காலாகச் சுருங்கி, ஏ5 தாளின் மூலையில் ஒட்டிய முத்திரை மாதிரி நிற்கும். பரப்பு மட்டும் பாதியாக வேண்டுமென்றால் இரு பக்கத்தையும் 0.707ஆல் பெருக்க வேண்டும். அந்த எண்ணை அதாலேயே பெருக்கிப் பாருங்கள், அரை வரும்.

ஆனால் பாதியாவது பெரிய வித்தை இல்லை. எந்தக் கடுதாசியை நடுவே மடித்தாலும் பாதிதான். வடிவம் மாறாமல் பாதியாவதில்தான் சங்கதி இருக்கிறது. 14 அங்குல நீளமும் எட்டரை அங்குல அகலமும் உள்ள லீகல் தாளை எடுங்கள். மடித்தால் எட்டரைக்கு 7. நெட்டையாக இருந்தது கிட்டத்தட்டச் சதுரமாகிவிடுகிறது. முழுத்தாள் நோட்டீசை அதற்குள் அடக்கினால் உயரம் நிரம்பும், அகலத்தில் ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். மீதி இரு பக்கமும் வெறும் வெள்ளை.

இப்படி ஆகாமலிருக்க, நீளத்தை அகலத்தால் வகுத்து வருவதும், அகலத்தை அரை நீளத்தால் வகுத்து வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குப் பொருந்தும் எண் ஒன்றே ஒன்று: 2இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 1.414. ஜேர்மன் பேராசிரியர் லிக்டென்பெர்க் 1786இலேயே ஒரு கடிதத்தில் இதைப் பற்றி எழுதிவிட்டார். 1922இல்தான் போர்ஸ்ட்மன் என்பவரின் முயற்சியால் அது ஜேர்மன் தர அளவானது. ஒரு சதுர மீற்றர் பரப்புள்ள ஏ0 தாளில் தொடங்கி நான்கு முறை மடித்தால் ஏ4. அதாவது ஒரு சதுர மீற்றரில் பதினாறில் ஒன்று. 80 கிராம் தாள் என்று வாங்குகிறோமே, அது ஒரு சதுர மீற்றருக்கு 80 கிராம் என்ற கணக்கு. அதில் ஒரு ஏ4 ஒற்றை 5 கிராம் நிற்பது இதனால்தான்.

நம்பிக்கை இல்லையென்றால் அடிமட்டம்கூட வேண்டாம். ஏ4 தாள் ஒன்றின் மூலையை மடித்து, சிறிய விளிம்பை நீள விளிம்போடு சேர்த்து வையுங்கள். சாய்வாக விழும் மடிப்பின் மேல் இன்னொரு ஏ4 தாளின் நீள விளிம்பை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நீளம். லீகல் தாளில் மடிப்புக் கட்டையாகவே விழும்.

ஒன்றை மட்டும் தம்பி உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். 71 வீதத்தில் எழுத்தும் சுருங்கும். 12 புள்ளி எழுத்து எட்டரைப் புள்ளியாகிவிடும். உபயகாரர் பெயர்களை வாசிக்க ஊர்ப் பெரியவர்கள் கண்ணாடி தேடுவார்கள். ஏ5இல் 12 புள்ளியாகத் தெரிய வேண்டுமென்றால் ஏ4 மூலத்தை 17 புள்ளியில் அடித்துக்கொண்டு போங்கள்.